புது வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வாங்கிய அனுபவம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலை ஒட்டிய எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. கொள்ளிடக் கரையிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்தான் கதி. அதனால் வீடு கட்டி முடித்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது, "குடிநீர் வாரியத்துல ஒரு மனு கொடுத்திடுங்க" என்பதுதான்.

வாரிய அலுவலகத்தில் இருந்த பொறியாளர் பொறுமையாக விளக்கினார். "சார், உங்க ஊர் தொட்டி வரைக்கும் தண்ணி கொண்டுவர்றதுதான் எங்க வேலை. தெருக் குழாய் நகராட்சியோடது, இணைப்பும் அவங்கதான் தரணும்." வாரியமே வீட்டுக்கு இணைப்பு தருவது சென்னையில், அது வேறு வாரியம். கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நகராட்சியில் முதல் கேள்வியே சொத்து வரி எண்தான். நான் கட்டிக்கொண்டிருந்தது காலிமனை வரி, அது உதவாது. பத்திர நகல், கட்டட அனுமதி வரைபடம் இரண்டையும் கொடுத்து, அவர்கள் வந்து வீட்டை அளந்து, புது வரி எண் விழுந்த பிறகுதான் குடிநீர் மனுவையே வாங்கினார்கள். வீட்டுக்குக் கூரை போட்டதுமே வரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வைப்புத்தொகை ஊருக்கு ஊர் மாறும். அதோடு சாலை வெட்டுக் கட்டணம் தனி. மெயின் குழாய் தெருவின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு எதிர்ப்பக்கம் என்பதால் சிமென்ட் ரோட்டைக் குறுக்கே வெட்ட வேண்டியிருந்தது. செலவு ஏறியதே அதில்தான்.

குழாய் பதிக்கிற அன்று கட்டாயம் வீட்டில் இருங்கள். பிட்டர் மெயினில் துளை போட்டு, வீட்டுக் குழாயை அதோடு இணைக்கும் பித்தளை ஃபெரூலைத் திருகி, பிளாஸ்டிக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். வாசல் சாக்கடை வந்ததும், அதற்குள்ளேயே குழாயை விட்டுக் கடத்தப் பார்த்தார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய், இணைப்பில் சின்னக் கசிவு இருந்தால் கூட வெளியில் கிடக்கிற அழுக்கை உள்ளே இழுக்கும். கடைசியில் சாக்கடைக்கு மேலாக, இரும்புக் குழாய் உறைக்குள் விட்டுக் கொண்டுவந்தோம். நடுவில் ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே துண்டாக.

அழுத்தம் குறைவு என்று வாசலில் குழி வெட்டிப் பள்ளத்தில் குழாய் வைப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். மழைக்காலத்தில் களிமண்ணில் குழி நிரம்பினால் அங்கேயும் இதே கதைதான். நாங்கள் தரைத்தொட்டி கட்டி, அதன் விளிம்பைத் தெரு மட்டத்துக்கு மேலே ஒரு அடி தூக்கிவிட்டோம். மோட்டாரையும் தொட்டியில்தான் போட்டிருக்கிறோம். தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள்.