கல்கருடனும் தகப்பனைச் சுமந்த பறவையும்

தம்பிக்கு வரன் தட்டிக்கொண்டே போன காலத்தில் அம்மா வேண்டிக்கொண்டது இது. நாகதோஷம் என்று ஜோசியர் சொன்னதும் "நாச்சியார்கோயில் கருடா, நீதான் கதி, கல்யாணம் முடிஞ்சா உன் சேவைக்கே வந்து நிக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கல்யாணமும் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது, ஆனால் வருஷத்தில் மார்கழி, பங்குனி இரண்டு உற்சவத்தில்தான் கல்கருடன் வெளியே எழுந்தருளுவார் என்பதால் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. இந்தப் பங்குனியில் ஒருவழியாகக் கிளம்பிவிட்டோம்.

கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆனால் சேவை நாளில் அந்தப் பத்து கிலோமீட்டரைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வண்டியை நிறுத்தப் பணம் வாங்கியவர் ஒருவர், அதே இடத்துக்கு மறுபடி கேட்டு வந்தவர் இன்னொருவர். "பக்கத்துலயே நின்னு பாக்கலாம் சார், நமக்கு உள்ள ஆள் இருக்கு" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "எங்களுக்கும் உள்ளே ஆள் இருக்குப்பா" என்றாள். அதோடு அவர் போய்விட்டார்.

வஞ்சுளவல்லித் தாயாரையும் பெருமாளையும் சேவித்துவிட்டு (இந்த ஊரில் எல்லாவற்றிலும் தாயாருக்குத்தான் முதலிடம், புறப்பாட்டிலும் அவள்தான் முன்னே போவாள்) கருடன் சந்நிதிப் பக்கம் வந்தால் நகர இடமில்லை. என் பெரியவள் கல்லூரியில் படிக்கிறவள், அந்த நெரிசலில் காதருகே வந்து, "அப்பா, மத்த நாட்டுல ஃபீனிக்ஸ் சாம்பல்லேர்ந்து எழுந்து வருமே, நம்ம கருடனும் அந்த மாதிரியா?" என்று கேட்டாள். அவளுக்கு அங்கே சொல்ல முடிந்தது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் என்றாலே நமக்கெல்லாம் நெருப்பும் சாம்பலும்தான். ஆனால் அந்தப் பறவையைப் பற்றிக் கிடைக்கிற பழைய விவரத்தில் நெருப்பே கிடையாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எகிப்துக்குப் போய் அங்கே சூரியனுக்குக் கோயில் இருந்த ஹீலியோபோலிஸ்காரர்கள் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். தான் படத்தில்தான் பார்த்தேன், இந்தக் கதையை நம்பவில்லை என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். 500 வருஷத்துக்கு ஒருமுறை, தகப்பன் பறவை இறந்த பிறகு, பிள்ளைப் பறவை அரேபியாவிலிருந்து அந்தக் கோயிலுக்கு வருமாம். சும்மா வராது. வெள்ளைப்போளம் என்ற மணக்கிற பிசினைத் தன்னால் தூக்க முடிகிற அளவுக்கு முட்டை மாதிரி உருட்டும். தூக்கிப் பறந்து பார்க்கும். பாரம் சரிதான் என்று தெரிந்ததும் உள்ளே குடைந்து, தகப்பன் உடலை வைத்து, குடைந்த வாயைப் போளத்தாலேயே பூசி மூடும். இப்போது எடை பார்த்தால் முன்பு இருந்த அதே எடை. அதைச் சுமந்துகொண்டு போய்ச் சூரியன் கோயிலில் சேர்க்கும்.

எரிவதும் சாம்பலும் பின்னால் ரோமானியர் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆதிக் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக இந்தப் பறவையைச் சொன்னபோதுகூட, ரோமாபுரி கிளமெண்ட் எழுதிய கடிதத்தில், பிள்ளை தகப்பன் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு அதே ஹீலியோபோலிஸுக்குத்தான் பறக்கிறது. எனக்கென்னவோ சாம்பலைவிட இந்தச் சுமைதான் பெரிதாகப் படுகிறது.

நம் கருடன் கதையும் பெற்றவளுக்காகச் சுமந்த கதைதானே. வினதை அவசரப்பட்டு முதல் முட்டையை உடைத்ததில் அருணன் பாதி உடம்போடு வந்தான். இரண்டாவது முட்டைக்கு இன்னும் 500 வருஷம் காத்திருந்தாள், அந்தக் காலம் முழுக்கச் சக்களத்தி கத்ருவுக்கு அடிமையாக. கருடன் வெளியே வந்தபோது நெருப்பாக ஜொலித்ததைப் பார்த்துத் தேவர்கள் அக்னிதான் பெருகிவிட்டான் என்று பயந்து அவனிடமே ஓடினார்களாம். ஆக நெருப்பு இங்கேயும் உண்டு, ஆனால் அது பிறக்கும்போதே முடிந்துபோன சமாசாரம். அதற்கப்புறம் முழுக்கச் சுமைதான். அம்மாவை விடுவிக்க அமுத கலசத்தைத் தேவலோகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறான், கையிலேயே இருக்கிறது, ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொள்ளவில்லை. பெருமாள் மயங்கியது அந்த ஒன்றில்தான். அமுதம் குடிக்காமலேயே மூப்பும் சாவும் இல்லாத வரம் கொடுத்தார், உனக்கு மேலே இருக்க வேண்டும் என்று கேட்டதற்குக் கொடியில் ஏற்றி வைத்தார், அப்புறம் தனக்கு வாகனமாக இரு என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டது பெருமாள், கொடுத்தது கருடன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தாய்லாந்தில் அரச முத்திரை கருடன், இந்தோனேசியாவிலும் நாட்டுச் சின்னம் கருடன்தான். அங்கே இறக்கைக்கு 17, வாலுக்கு 8, கழுத்துக்கு 45 என்று இறகுகளை எண்ணி வைத்து 1945 ஆகஸ்ட் 17 என்ற விடுதலை நாளையே அதன் உடம்பில் எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடு, பெருமாளை விட்டுவிட்டாலும் பறவையை விடவில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன். கூட்டம் திடீரென்று அடங்கி, "கருடா, கருடா" என்று ஒரே குரலாக எழுந்தபோது அவர் அசைந்தார். சந்நிதியிலிருந்து எடுக்க 4 பேர். அடுத்து 8 பேர், 16, 32, 64 என்று ஒவ்வொரு கட்டத்திலும் தோள் இரட்டிக்கிறது. திரும்பும்போது அதே கணக்கில் குறைந்துகொண்டே வந்து கடைசியில் 4 பேரோடு உள்ளே போய்விடுவார். அந்த ஃபீனிக்ஸ் செய்த முட்டையில் தகப்பனையே வைத்தும் எடை கூடவில்லை, இங்கே யாரும் எதையும் வைக்காமல் எடை கூடுகிறது. எனக்குப் பக்கத்தில் நின்றவர், "வெளியே இடம் கிடைக்குது, ஆள் கூடறாங்க, அவ்ளோதான் சார்" என்றார். இருக்கட்டும். அப்படியானால் அந்த 4 பேர் எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டேன். அவரும் கையைக் கூப்பிக்கொண்டுதான் நின்றார்.

எங்கள் பக்கமாகத் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரம்தான். தீவட்டி வெளிச்சத்தில் அந்தக் கல்முகம் முழுக்க ஈரம், கன்னத்திலிருந்து ஒரு துளி இறங்கி மார்பில் இருந்த நாகத்தின் மேல் நின்றது. வியர்வை. நாயகியின் அன்ன நடைக்குப் பின்னால் தங்கிப் போக வேண்டும் என்பதற்காகத் தன்னைத்தானே கனமாக்கிக்கொள்கிறவர், அந்தக் கனத்துக்குத் தானே வியர்க்கிறார். கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து, "போதும்ப்பா, போதும்ப்பா" என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை.

தூக்கிய ஒருவரைப் பிறகு மண்டபத்தில் பார்த்தேன். தோளில் தண்டு பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. வலிக்கவில்லையா என்றதற்கு, "அப்பா தூக்கினாரு, தாத்தா தூக்கினாரு, இப்ப நான். இந்த வலி இல்லாட்டி எங்க வீட்டுல பங்குனி வந்த மாதிரியே இருக்காது" என்று சிரித்தார். அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கி, தன் கையில் இருந்த பிரசாதத்தை அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்த முறை தூக்க ஆள் கூப்பிட்டதும் ஓடிவிட்டார்.