கோட்டுக்குக் கீழே ஆறு புள்ளிகள்

கோட்டை மாற்றி வரையச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடைபாதையில் வாட் சிஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐ.சி.யூ.வில் மாதாமாதம் எத்தனை பேருக்கு இரத்தத்தில் தொற்று வந்தது என்பதைப் புள்ளியாக வைத்துக் கோடிழுக்கிற படம் அது, ரன் சார்ட். முதல் 12 மாதம் இப்படி இருந்தது: 5, 3, 6, 4, 7, 4, 2, 5, 4, 3, 4, 6. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 4. அதுதான் இடையம், அந்த உயரத்தில் நேராக ஒரு கோடு போட்டு வலது பக்கம் நீட்டிவிட்டோம். அதன் பிறகு கை சுத்த வேலை தொடங்கியது. சிஸ்டர் முன்னின்று செய்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஹேண்ட் ரப் போத்தல் மாட்டினார், பெரிய இரத்தக் குழாய்க்குள் சென்ட்ரல் லைன் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தார், பெரிய டொக்டராக இருந்தாலும் "கை" என்று ஒரு சொல் சொல்லி நிறுத்தினார். அடுத்த 7 மாதமும் வந்த எண்ணிக்கை: 3, 2, 4, 3, 1, 2, 2.

விதி எளிது. கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து 6 புள்ளி விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுக்கலாம். கோட்டிலேயே உட்காரும் புள்ளியை எண்ணக்கூடாது, அதே நேரம் அது வரிசையை முறிக்கவும் செய்யாது. மூன்றாவது மாதத்து 4-ஐ அப்படித் தாண்டிவிட்டு எண்ணினால் 3, 2, 3, 1, 2, 2, சரியாக ஆறு. அந்த 4 வந்த மாதம் "பார்த்தீங்களா, பழையபடி ஏறுது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும், 2 நாலாகிவிட்டது, இரண்டு மடங்கு! இந்த அவசரத்தை நிறுத்தத்தான் அந்த விதியே இருக்கிறது.

ஏன் ஆறு என்றால், ஒன்றுமே மாறாவிட்டால் ஒரு புள்ளி கோட்டுக்கு மேலே விழுவதும் கீழே விழுவதும் காசு சுண்டுவது மாதிரி. ஆறு தடவை சுண்டி ஆறும் ஒரே பக்கம் விழ 32-ல் ஒரு வாய்ப்பு. ஆனால் 20 தடவை சுண்டிக்கொண்டே போனால், அதற்குள் எங்கேயாவது ஒரே பக்கம் ஆறு வரிசையாக விழும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்குக் கிட்ட வந்துவிடும். நீளமான படத்தில் ஆறைக் கண்டவுடன் துள்ளக்கூடாது, அதனால் சிலர் எட்டுக் கேட்பார்கள். எங்களுடைய ஆறு வேலை தொடங்கிய மாதத்திலிருந்தே தொடங்கியது, படத்தில் எங்கேயோ தேடிப் பிடித்தது இல்லை. ஆகவே நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

கதை திரும்பியது இங்கேதான். கூட்டத்துக்கு முதல் நாள் லாப் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். முதல் 12 மாதமும் அந்த ஐ.சி.யூ.விலிருந்து இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மாதம் 60 அளவில் பிளட் கல்ச்சர் போயிருக்கிறது. பிந்திய 7 மாதமும் 35 அளவில். கட்டில்கள் எப்போதும் போல நிறைந்தேதான் இருந்தன, ஆட்கள் குறையவில்லை. கல்ச்சர் போத்தல்தான் ஸ்டோர்ஸிலிருந்து அளந்து அளந்து வந்தது. காய்ச்சல் அடித்த எல்லோருக்கும் எடுக்காமல், மோசமாகிறவர்களுக்கு மட்டும் எடுத்திருக்கிறார்கள். தொற்று என்று நாங்கள் எண்ணுவது கல்ச்சரில் கிருமி வளர்ந்ததைத்தான். அனுப்பாத இரத்தத்தில் எதுவும் வளராது.

படத்தில் மாற்றம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. எது மாறியது என்று மட்டும் விதி சொல்லாது. கை மாறியதா, போத்தல் மாறியதா?

கூட்டத்தில் மேலிடம் கேட்டது, ஆறு புள்ளி கிடைத்துவிட்டதே, பிந்திய மாதங்களுக்குப் புது இடையம் எடுத்து, 2-ல் புதுக் கோடு போட்டு, வாசல் பலகையில் மாட்டுவோம் என்று. வழக்கப்படி பார்த்தால் அது பிழையில்லை. மாற்றத்துக்குக் காரணமும் தெரிந்து, அது நிலைத்தும் நின்றால் புதுக் கோடு வரையலாம். எனக்குக் காரணம் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. 2-ல் கோடு போட்டுவிட்டு, நாளைக்குப் போத்தல் தாராளமாக வந்து எண்ணிக்கை பழையபடி 4, 5 என்று ஏறினால், அதே விதி "தொற்று கூடிவிட்டது" என்று கத்தும். அப்போது விளக்கம் கேட்டு நிற்க வைக்கப்படுவது அந்த வாட் நேர்ஸ்மார்தான். இதைச் சிங்களத்தில் எனக்கு வந்த அளவில் சொன்னேன். பழைய கோட்டை அப்படியே விட்டு, அதற்குக் கீழே மாதம் எத்தனை கல்ச்சர் அனுப்பினோம் என்று இன்னொரு படத்தை, மாதங்கள் நேருக்கு நேர் வரும்படி, வைத்துக் காட்டினேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. பலகையில் எதுவும் ஏறவில்லை.

வெளியே வந்ததும் சிஸ்டர் என் கையைப் பிடித்தார். "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் செய்தது ஒண்டுமில்லையோ, பிள்ளை?"

"இல்லை அக்கா, அப்பிடிச் சொல்லேல்ல. இதை வைச்சுச் சொல்ல ஏலாது எண்டுதான் சொன்னனான்."

"எங்கட பிள்ளையளுக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலி வீதியில் 101 பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். நான் சொன்னது சரி. ஆனால் நான் சொன்னதில் இன்னொரு பாதியும் இருந்திருக்கலாம். முன்பு 12 மாதத்தில் 53 தொற்று, மாதம் 60 கல்ச்சர் என்றால் நூற்றுக்கு 7 அளவில் கிருமி வளர்ந்தது. பிறகு 7 மாதத்தில் 17, மாதம் 35 கல்ச்சர், அதுவும் நூற்றுக்கு 7 அளவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்று தெரியும். கொஞ்சம் நின்று யோசித்தால் வேறு மாதிரி. போத்தல் குறைந்து, மோசமானவர்களுக்கு மட்டும் கல்ச்சர் எடுத்தால், எடுத்ததில் கிருமி வளரும் பங்கு கூடியிருக்க வேண்டும், ஏனென்றால் சந்தேகம் பலமாக உள்ளவர்களைத்தானே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். அது கூடவில்லை. கூட வேண்டியது கூடாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கைகளாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் என்னால் போக முடியாது, யார் யாருக்கு எடுத்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் இதைச் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம்தானே? ஆறுதலுக்காகக் கணக்கை வளைக்கிறேனோ என்ற பயம் அன்று வாயைக் கட்டியது. அந்தப் பயமும் நியாயமானதுதான் என்று ஒரு நாள் படும், மற்ற நாள் படாது.

போத்தல் பிறகு ஒழுங்காக வரத் தொடங்கியது, கல்ச்சர் மறுபடி 60-ஐத் தொட்டது. அதற்குப் பின் வந்த புள்ளிகள் 3, 4, 5, 3. பழைய கோட்டுக்கு இரண்டு கீழே, ஒன்று கோட்டில், ஒன்று மேலே. அந்த 5 வரிசையை முறித்துவிட்டது, ஆனால் இந்த நாலை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம் என்றும் சொல்ல ஏலாது. இப்போது கல்ச்சர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் என்ன காரணத்துக்கு என்று ரெஜிஸ்டரில் ஒரு நிரல் சேர்த்திருக்கிறோம். அதைக் கேட்டு வாங்கி நிரப்ப வைப்பது சிஸ்டர்தான். கோடு இன்னும் 4-ல்தான் நிற்கிறது.