ஹாம்பர்க் போகும் ஷூவுக்கு ஆம்பூரில் கட்டிய வரி எப்படித் திரும்பி வருகிறது

ஆம்பூரில் தைத்த 1000 ஜோடி ஷூ சென்னைத் துறைமுகம் வழியாக ஹாம்பர்க் போகிறது. பில் மதிப்பு 20 லட்சம் ரூபாய், ஜோடி 2000 வீதம். இதே ஷூவை வேலூர் கடைக்கு விற்றால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது ஒரு லட்சம் ரூபாய் வரி. ஹாம்பர்க்குக்கு விற்கும்போது அந்த ஒரு லட்சம் யாருக்குச் சேர வேண்டும்? இந்தியாவுக்கு ஒரு பைசாவும் இல்லை. ஷூவைக் காலில் மாட்டுகிறவர் ஜெர்மனியில் இருக்கிறார், ஆகவே வரி ஜெர்மனிக்கு. இதைத்தான் சேருமிடக் கொள்கை என்கிறோம். பொருள் எங்கே உருவானதோ அந்த நாடே வரி வாங்குவது தோற்றுவாய்க் கொள்கை.

தோற்றுவாய் முறை நமக்குப் புதிதல்ல. 2017 ஜூலைக்கு முன்பு ஆம்பூரிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு போனால் மத்திய விற்பனை வரி போடுவோமே, அது அந்த ரகம். 2 சதவீத வரியைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளும், வாங்கிய கர்நாடக வியாபாரிக்கு அது கிரெடிட்டில் வராது, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, சரக்கின் விலையோடு ஒட்டிக்கொண்டே போகும். ஜிஎஸ்டி வந்ததும் அதே சரக்கின் வரி கர்நாடகக் கணக்குக்குப் போய்விட்டது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு அப்போது எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். 2014 அரசியல் சட்டத் திருத்த மசோதாவில், சரக்கு கிளம்பும் மாநிலத்துக்கு ஒரு சதவீதக் கூடுதல் வரி என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தார்கள். 2016-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நாடு தாண்டும் சரக்குக்குத் தோற்றுவாய் முறை வைத்தால் என்ன ஆகும் என்று ஹாம்பர்க் கடையின் அலமாரியைப் பார்த்தால் தெரியும். ஆம்பூர் ஷூவில் 5 சதவீதம், பக்கத்தில் இத்தாலி ஷூவில் 22, ஜெர்மன் ஷூவில் 19. தையல் நன்றாக இருக்கிறதா என்பதைவிட எந்த ஊர் வரி குறைவு என்பதுதான் விற்பனையைத் தீர்மானிக்கும். எல்லாப் பொருளுக்கும் ஒரே வரி விகிதம் இருந்து, நாணய மதிப்பும் அதற்கேற்ப மாறிக்கொண்டால் இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் நம்மிடம் 2500 ரூபாய் வரை உள்ள ஷூவுக்கு 5, அதற்கு மேல் போனால் 18 என்று இருக்கும்போது அந்தக் கணக்கு நிற்காது. சேருமிட முறையில் அலமாரியில் இருக்கும் மூன்று ஷூவுக்கும் 19 சதவீதம்தான்.

இதற்கு இந்தியா செய்ய வேண்டியது இரண்டு. ஏற்றுமதி பில்லில் வரி போடக் கூடாது என்பது ஒன்று. தோல், பசை, சோல் வாங்கும்போதே கட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாவிட்டால் அது வெறும் வரிவிலக்குதான், உள்ளே அடங்கிய வரி ஹாம்பர்க் வரை போய்விடும். மாநிலம் தாண்டும், நாடு தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆவது பிரிவு ஏற்றுமதியைப் ‘பூஜ்ய விகித சப்ளை’ என்று சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஏற்றுமதிக்கு வரியைத் திருப்பித் தருவது மானியம் ஆகாது என்று காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 16-ஆவது ஷரத்துக்கான குறிப்பே சொல்வதால், வெளிநாட்டுக்காரர் இதை எதிர்த்து வழக்குப் போடவும் முடியாது.

பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு வழி உண்டு. இங்கேதான் பலர் ஆடிட்டர் சொன்னதை அப்படியே செய்துவிட்டு, ஏன் கையில் காசு முடங்குகிறது என்று யோசிக்கிறார்கள்.

முதல் வழி எல்யூடி, அதாவது உறுதிமொழிக் கடிதம். நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே ஜிஎஸ்டி போர்ட்டலில் RFD-11 படிவம் போட்டுவிட்டு வரியே இல்லாமல் சரக்கை அனுப்புவது. பில் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் அடுத்த 15 நாளில் 18 சதவீத வட்டியோடு வரி கட்ட வேண்டும். மார்ச் 31-ஆம் தேதி எல்யூடி காலாவதியாவது ஏப்ரல் முதல் வாரத்தில் கன்டெய்னர் ஏறும்போதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். தாமதமாகப் போட்டாலும் பின்தேதியிட்டு ஏற்கலாம் என்று வாரியத்தின் சுற்றறிக்கை இருக்கிறது, ஆனால் அதிகாரியிடம் விளக்கம் எழுதிக்கொண்டு நிற்கும் வேலை மிச்சமாக வேண்டுமென்றால் மார்ச்சிலேயே போட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, கையில் இருக்கும் கிரெடிட்டிலிருந்து ஐஜிஎஸ்டியைக் கட்டி அனுப்பிவிட்டு, கட்டியதைத் திரும்ப வாங்குவது. இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளப்படும்.

எது லாபம் என்பதை நம் 1000 ஜோடியை வைத்தே பார்க்கலாம். அந்த மாதம் 8 லட்சத்துக்கு 5 சதவீதத்தில் ஃபினிஷ்ட் லெதர் வாங்கியதில் 40,000 ரூபாய் வரி. பசை, சோல், ரசாயனம் என 18 சதவீதத்தில் 4 லட்சத்துக்கு வாங்கியதில் 72,000. ஆக 1,12,000. இதோடு 3 லட்சத்துக்கு சோல் ஒட்டும் மெஷின் ஒன்று, 18 சதவீதத்தில் அதற்கு 54,000. மொத்த கிரெடிட் 1,66,000. உள்ளூரில் 5 லட்சத்துக்கு விற்றதன் வரி 25,000-ஐக் கழித்தால் போர்ட்டலில் உள்ள கிரெடிட் லெட்ஜரில் 1,41,000 நிற்கிறது.

எல்யூடி வழியில் RFD-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டால் கணக்கு இப்படி வரும்:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி விற்றுமுதல் × நிகர கிரெடிட் ÷ மொத்த விற்றுமுதல்
        = 20,00,000 × 1,12,000 ÷ 25,00,000
        = 89,600
```

நிகர கிரெடிட்டில் மெஷின் வரி சேராது, மூலதனப் பொருளை விதி 89 கழித்துவிடுகிறது. இந்த 89,600 வந்தபிறகு 51,400 ரூபாய் லெட்ஜரிலேயே தங்கும், உள்ளூர் விற்பனை இருந்தால்தான் கரையும். ஐஜிஎஸ்டி கட்டும் வழியில் 20 லட்சத்துக்கு 5 சதவீதம் ஒரு லட்சம். அதை மெஷின் கிரெடிட் உட்பட எதிலிருந்து வேண்டுமானாலும் கழிக்கலாம், ஒரு லட்சமும் பணமாக வங்கிக்கு வரும். 10,400 ரூபாய் கூடுதல். புதிதாக மெஷின் போட்டவர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். ஆனால் ஜோடி 2500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் கட்ட வேண்டும். கிரெடிட் போதாமல் கையிலிருந்து பணம் போட்டு, அது திரும்பி வரும்வரை காத்திருக்க நேரும். அப்போது எல்யூடிதான் நிம்மதி.

ஏற்றுமதி மதிப்பாக எதை எடுப்பது என்பதில் ஒரு கவனம் தேவை. கடல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து பில் போட்டிருந்தால், எல்யூடி கணக்குக்கு பில் மதிப்பு, ஷிப்பிங் பில்லில் வாடகையும் இன்சூரன்ஸும் சேராமல் உள்ள எஃப்ஓபி மதிப்பு இரண்டில் குறைவானதுதான் செல்லும். விற்றுமுதல் இரண்டு இடத்திலும் அதே மதிப்பைப் போட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போட்டால் வரவேண்டிய தொகையே குறைந்துவிடும்.

இனி சிக்கும் இடங்கள். ஐஜிஎஸ்டி கட்டிய வழியில் பெரும்பாலும் பணம் நிற்பது ஒரு எண் பொருந்தாததால். பில் நம்பரை விற்பனை விவர ரிட்டர்னான GSTR-1-இன் 6A அட்டவணையில் ‘AM/045/25-26’ என்று போட்டிருப்போம், கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஷிப்பிங் பில்லில் வெறும் ‘045’ என்று போட்டிருப்பார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பில். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் SB005 என்று வந்தால் இதுதான் காரணம். பிழை நம் பக்கம் என்றால் GSTR-1-இல் 9A அட்டவணையில் திருத்தலாம். ஷிப்பிங் பில் பக்கம் என்றால் கஸ்டம்ஸ் அதிகாரியிடம் இரண்டு எண்ணையும் எதிரெதிரே எழுதிய ஒப்பீட்டுப் பட்டியல் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஏஜென்ட்டுக்கு அனுப்பும் இன்வாய்ஸில் உள்ள நம்பரையே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. SB002 என்று வந்தால் கப்பல் கம்பெனி ஏற்றுமதிப் பட்டியல் தாக்கல் செய்யவில்லை என்று அர்த்தம். ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை, ஷிப்பிங் லைனை நெருக்க வேண்டும்.

எந்தப் பிழைக் குறியும் தெரியாமல், ஐஸ்கேட்டில் தகவலே வராமல் இருந்தால் வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B-ஐத் திறந்து பாருங்கள். ஏற்றுமதி வரியை 3.1(b)-க்குப் பதில் 3.1(a)-இல் உள்ளூர் விற்பனையோடு போட்டிருப்பார்கள். 3.1(b)-இல் உள்ள ஐஜிஎஸ்டி, 6A-இல் உள்ளதைவிடக் குறைந்தால் போர்ட்டல் தகவலை கஸ்டம்ஸுக்கு அனுப்பவே அனுப்பாது.

எல்யூடி வழியில் வருவது வேறு தொல்லை. RFD-01 போட்டதும் குறையிருந்தால் RFD-03 என்ற குறைபாட்டு அறிவிப்பு வரும். அதற்குப் பதில் எழுதினால் போதாது, புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் கிளம்பிய நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. முதல் விண்ணப்பத்திலிருந்து RFD-03 வரும்வரை கழிந்த நாள்கள் கெடுவில் சேராது என்பது ஒரு ஆறுதல். கடைசி மாதத்தில் போடுபவர்களுக்கு அது மட்டும்தான் துணை.

டேனரிக்காரர்களுக்கு ஒரு தனிக் கதை. பதனிட்டும் ஃபினிஷிங் செய்யாத தோலான கிரஸ்ட் லெதருக்கு 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை இருந்தது. ஏற்றுமதித் தீர்வை உள்ள சரக்குக்கு, மீதமுள்ள கிரெடிட்டை ரீஃபண்டாகத் தர மாட்டார்கள் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 54-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக ராணிப்பேட்டையிலிருந்து கிரஸ்ட் அனுப்பியவர் தீர்வையும் கட்டினார், ரசாயனத்தில் கட்டிய வரியையும் இழந்தார். பொருள் பிறந்த நாடே இரண்டு முறை வரி வாங்கியது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தத் தீர்வையை நீக்கிவிட்டார்கள். தீர்வை உண்மையில் விதிக்கப்பட்டால்தான் தடை என்று வாரியம் சொல்லியிருப்பதால், அதற்குப் பிந்தைய ஏற்றுமதிக்கு ரீஃபண்ட் கேட்கலாம். அதற்கு முந்தையதை இதோடு சேர்த்துப் போட்டால் மொத்த விண்ணப்பமும் சிக்கும்.

டீசல் விஷயத்தில் சேருமிடக் கொள்கை இன்றும் முழுசாக நிற்கவில்லை. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் ஜெனரேட்டருக்கும் லாரிக்கும் போகும் வரி கிரெடிட்டாகத் திரும்பாது. 2021-இல் வந்த ரோட்டெப் திட்டம் ஷிப்பிங் பில் மதிப்பில் சிறு சதவீதமாக அதை ஈடுகட்டப் பார்க்கிறது. ஷிப்பிங் பில்லில் அதற்கான அறிவிப்பை ஏஜென்ட் டிக் செய்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு சேர்ப்பது லேசில்லை.

ஜெர்மனிப் பக்கம் என்ன நடக்கிறது? சுங்கத் தீர்வையையும் வாடகையையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 20 லட்சத்துக்கு 19 சதவீதம் 3.80 லட்சம் ரூபாயை இறக்குமதி செய்பவர் அங்கே கஸ்டம்ஸில் கட்டுவார். தன் வரிக் கணக்கில் அதை உள்வரியாகக் கழித்துக்கொள்வார். கடைசியில் கடைக்கு வந்து வாங்குபவரிடம் சேர்வதே நிஜ வரி. அங்கே இதை யார் கட்டுகிறார் என்பதை நம் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. சிஐஎஃப் அல்லது எஃப்ஓபி என்றால் வாங்குபவர். ‘வாசல் வரை வரியோடு’ என்று டிடிபி-யில் ஒப்புக்கொண்டால் ஆம்பூர்க்காரரே ஜெர்மனியில் வாட் பதிவு எடுத்து அந்த 3.80 லட்சத்தைக் கட்ட வேண்டியிருக்கும், இந்திய ஜிஎஸ்டி கணக்கில் அதற்கு கிரெடிட் கிடையாது. ஆர்டர் மெயிலில் டிடிபி என்ற மூன்றெழுத்தைப் பார்த்தால், விலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.