ஏ.ஏ.சி. பிளாக் சுவரில் 43 அங்குல டிவி மாட்டிய முறை

வால் மவுண்ட் வாங்கினால் பாக்கெட்டில் நான்கைந்து ராவல் பிளக்கும் ஸ்குரூவும் சேர்ந்தே வரும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் அவை போதும். புதிய அடுக்குமாடி வீடுகளின் தடுப்புச் சுவர்களோ பெரும்பாலும் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது ஆட்கள் 'லைட் வெயிட் கல்' என்கிற காற்றறை நிறைந்த வெள்ளைக் கல். அதில் அந்தப் பிளக் மாட்டிய அன்று இறுக்கமாகத்தான் தெரியும். பிறகு கல்லை மாவாக்கிக்கொண்டு மெல்ல வெளியே வரும். கீழே உள்ளது 4 அங்குல ஏ.ஏ.சி. சுவரில், 9 கிலோ எடையுள்ள 43 அங்குல டிவியை நகராத பிராக்கெட்டில் மாட்டிய விவரம்.

முதலில் டிவியின் முதுகு. நான்கு மரைத் துளைகளின் நடுவுக்கு நடு இடைவெளியை மி.மீ. கணக்கில் அளக்க வேண்டும். முதலில் அகலம், அடுத்து உயரம். இங்கே 200×200. பிராக்கெட் அட்டையில் '32 முதல் 55 அங்குலம்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. ஒரே 43 அங்குலத்திலும் துளை இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். அட்டையில் உள்ள வெசா அளவுகளில், அதாவது துளை இடைவெளி அளவுகளில், நம் எண் இருக்கிறதா, எடை வரம்பு போதுமா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

அடுத்து ஸ்குரூ நீளம். டிவிக்கு எம்6 மரை. மெல்லிய ஊதுபத்திக் குச்சியைத் துளைக்குள் விட்டுப் பார்த்ததில் ஆழம் 14 மி.மீ. டிவியின் முதுகில் மாட்டும் பிராக்கெட் கையின் தகடு 2, வாஷர் 1. ஆக 17 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 16 மி.மீ. ஸ்குரூ சரி. பாக்கெட்டில் 30 மி.மீ. ஸ்குரூவும் இருந்தது. அது துளை உள்வாங்கியிருக்கும் டிவிகளுக்கு, பிளாஸ்டிக் ஸ்பேசரோடு போடுவதற்கு. நீளமான ஸ்குரூ அடியில் முட்டினால் கைக்கு இறுகிய மாதிரியே தெரியும். ஆனால் தகட்டை அசைத்தால் கடகடவென்று ஆடும். அந்த நிலையில் இன்னும் அழுத்தித் திருகினால் உள்ளே போர்டோ பேனலோ போய்விடும். இந்த நான்கு ஸ்குரூவுக்கும் கை ஸ்குரூ டிரைவர்தான், மெஷின் வேண்டாம்.

உயரக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிராக்கெட்டின் நடுவும் திரையின் நடுவும் ஒன்றல்ல. பல டிவிகளில் துளைகள் நடுவுக்குக் கீழே இருக்கும். சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டம் தரையிலிருந்து 105 செ.மீ. டிவியின் உயரம் 56, பாதி 28. மேல் விளிம்பு 133இல் வரும். மேல் விளிம்பிலிருந்து மேல் துளைக்கு 25 செ.மீ., எனவே அந்தத் துளை 108இல். பிராக்கெட் கையின் கொக்கி அந்தத் துளைக்கு 4 செ.மீ. மேலே, சுவர்த் தகட்டின் மேல் விளிம்பு 112இல் வர வேண்டும். சுவர்த் துளை அதற்கு 1 செ.மீ. கீழே, 111. இந்தக் கோட்டை ரசமட்டம் வைத்துப் போட்டாயிற்று. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒயர் பைப் ஓடும் என்பதால் அந்தப் பட்டையைத் தவிர்த்து, மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில் துளையிட்டோம்.

சுவர் என்ன வகை என்பதை முதல் துளையின் தூளே சொல்லிவிடும். பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் என்றால் செங்கல். நகரவே மாட்டேன் என்று சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட். சட்டென்று பிட் வெறுமைக்குள் விழுந்தால் ஹாலோ பிளாக். வெள்ளையோ வெளிர் சாம்பலோ, மெத்தென்ற மாவு கொட்டி, பிட் தானாக உள்ளே போனால் ஏ.ஏ.சி. இங்கே 15 மி.மீ. பூச்சுக்குப் பிறகு அந்த மாவுதான். அந்த இடத்தில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போக வேண்டும். ஹேமர் ஓடினால் 10 மி.மீ. துளை 12, 13 ஆகிவிடும். அப்புறம் எந்தப் பிளக்கும் பிடிக்காது. விரிந்து பிடிக்கிற இரும்பு ஆங்கர் போல்ட்டும் ஆகாது. அந்த விசையில் பிளாக்கே விரிசல் விடும்.

இதற்கென்று சுருள் துடுப்புகள் கொண்ட நைலான் பிளக் பெரிய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, 'ஏ.ஏ.சி. பிளக்' என்றே கேட்கலாம். எடுத்தது 55 மி.மீ. நீளம். பிளக் முழுவதும் கல்லுக்குள் இருக்க வேண்டும். பூச்சு பிடிமானத்தில் சேராது. ஆக பூச்சு 15, பிளக் 55, தகடு 2, நுனி தாண்டி வர 7 அல்லது 8. ஸ்குரூ 80 மி.மீ. துளை ஆழம் 85. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைக்காவிட்டால் மறுபக்கப் படுக்கையறையில் பூச்சு பெயர்ந்து விழும். துளையை ஊதித் தூளை எடுத்துவிட்டு, பிளக்கைச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறக்கினோம். மேலே மூன்று, கீழே இரண்டு.

டிவியை ஏற்றும் முன் தகட்டின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விட்டால் பிளக் நகர்கிறது. அந்தத் துளையில் தீக்குச்சியும் வெள்ளை சிமெண்ட்டும் திணிப்பது வீண். 5 செ.மீ. தள்ளிப் புதுத் துளை போடலாம். அல்லது தூளை முழுக்க எடுத்துவிட்டு கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்பலாம்.

முன்னே இழுக்கும் கை உள்ள ஸ்டாண்டை இந்தச் சுவரில் பிளக் நம்பி மாட்டக் கூடாது. சுவரிலிருந்து 4 செ.மீ. தள்ளி 9 கிலோ தொங்கினால், 20 செ.மீ. இடைவெளியுள்ள போல்ட்டுகளில் மேல் வரிசையை வெளியே இழுக்கும் விசை சுமார் 2 கிலோதான். அதே டிவியை 40 செ.மீ. வெளியே இழுத்தால் 18 கிலோ. கை வைத்துத் திருப்பும்போது இன்னும் கூடும். அப்படி வேண்டுமென்றால் சுவரைக் குறுக்கே துளைத்து, மறுபக்கம் 50 மி.மீ. சதுரத் தகடு வைத்து நட் போல்ட் போடுவதுதான் வழி. மறுபக்க அறையில் நட்டுகள் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேபிளில் முதல் விஷயம், டிவியின் பவர் கார்டைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து டிவிக்குப் பின்னாலேயே 6 ஆம்பியர் சாக்கெட் கொண்டுவர வேண்டும். அதைத் தகட்டுக்குப் பக்கவாட்டில், உள்வாங்கிய பெட்டியில் வைக்க வேண்டும். டிவிக்கும் சுவருக்கும் 3 செ.மீ. இடைவெளிதான், சாதாரண பிளக் தலை அதற்குள் அடங்காது. எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் தனிப் பைப். வழக்கமான 25 மி.மீ. பைப்பில் தலை நேராகப் போகும், எல்போவில் சிக்கிக்கொள்ளும். 50 மி.மீ. பி.வி.சி. பைப், எல்போவுக்குப் பதில் 45 டிகிரி வளைவு இரண்டு, உள்ளே ஒரு நைலான் கயிறு. நாளை கேபிள் மாற்ற அதுவே போதும். ஆனால் 4 அங்குலச் சுவரில் 50 மி.மீ. காடி வெட்டினால் பாதிச் சுவர் போய்விடும். அதனால் இங்கே சுவரைத் தொடாமல், சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த பி.வி.சி. கேசிங் பட்டியை டிவியின் கீழ் விளிம்பிலிருந்து அலமாரி வரை நேர்கோட்டில் இறக்கினோம்.

பின்பக்கம் பார்த்த போர்ட்டுக்கு எல் வடிவ அடாப்டர் வேண்டியிருந்தது. பக்கவாட்டு போர்ட் உள்ள டிவிக்கு அது தேவைப்படாது. கேபிள்களை டிவியில் செருகிய பிறகு 30 செ.மீ. மிச்சம் விட்டுச் சுருட்டிக் கட்டினால், டிவியைக் கொக்கியிலிருந்து எடுத்து முன்னே சாய்க்கும்போது போர்ட் இழுபடாது. கடைசியாக பிராக்கெட் கையின் அடியில் இருக்கும் பூட்டு ஸ்குரூ. அதை முடுக்காமல் விட்டால், தூசி துடைக்க அடியில் கை கொடுத்துத் தூக்கும்போது டிவி கொக்கியை விட்டு எழும்பிவிடும்.