படம் இல்லாமல் வந்த பொருத்துதல் தாள்

இழுப்பறை வைத்த அலமாரியை வீட்டிலேயே பொருத்திக்கொள்வதற்கான தாளைத் தமிழாக்கித் தரும் வேலை ஒருவழியாக முடிந்தது. இதுபோன்ற வேலையை ஏற்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் கைக்கு வராமல் ஒரு சொல்லைக்கூடத் தொடாதீர்கள்.

எனக்கு வந்தது ஓர் எக்செல் கோப்பு மட்டும். ஒரு வரிக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. ‘பேக்’, ‘ஸ்டாப்’, ‘ஃபினிஷ்’ என்று ஆங்கிலத்தில் வரிசையாக நின்றன. படத்தைக் கேட்டால், “இத்தனை சின்ன வேலைக்குப் படம் எதற்கு?” என்றார் முகமையின் ஒருங்கிணைப்பாளர். விடாமல் கேட்டேன். படம் வந்து சேர்வதற்குள் கெடுவில் பாதி போய்விட்டது.

வந்த பிறகுதான் எல்லாம் புரிந்தது. ‘ஸ்டாப்’ என்பது நிறுத்தச் சொல்லும் கட்டளை அல்ல. இழுப்பறை முழுவதும் வெளியே வந்துவிடாமல் தடுக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு. ‘ஃபினிஷ்’ என்பதிலிருந்து ஓர் அம்பு புறப்பட்டுப் பலகையின் ஓரப்பட்டை ஒட்டிய விளிம்பில் போய் முடிந்தது. அந்த விளிம்பு முன்பக்கம் வர வேண்டும் என்பதே பொருள். அங்கே ‘முடிந்தது’ என்று போட்டிருந்தால், வாங்கியவர் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, வெட்டுவாய் தெரியும் அலமாரியைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எச்சரிக்கை வாக்கியங்களில் சிக்கல் இல்லை; ஒரே அமர்வில் முடிந்தன. உண்மையான சண்டை CL, CR, DL, DR என்ற நான்கு குறிகளால் வந்தது. இழுப்பறை ஓடும் உலோகச் சட்டத்தை நம் தச்சர்கள் ‘சேனல்’ என்பார்கள். உருளை வைத்த சேனல்களில் இந்த எழுத்துகளைத் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். C என்றால் அலமாரியின் உட்சுவரில் திருகுவது, D என்றால் இழுப்பறையில் திருகுவது. L இடது, R வலது. நான் அவற்றை அப்படியே விட்டிருந்தேன். சரிபார்ப்பவர் நான்கையும் சிவப்பில் வட்டமிட்டு, ‘மொழிபெயர்க்கப்படவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். ‘அ.வ.’, ‘இ.வ.’ என்று மாற்றித் தர வேண்டுமாம்!

தகட்டில் CR என்றிருக்கும்போது தாளில் ‘அ.வ.’ என்றிருந்தால் வாங்கியவர் எதை எதோடு பொருத்திப் பார்ப்பார்? விளக்கி எழுதியும் அதே பதில்தான் வந்தது. கடைசியில் சேனலின் முனையைப் படம் எடுத்து, பொறித்த எழுத்து தெரியும்படி பெரிதாக்கி அனுப்பினேன். அதன் பிறகு மறுபேச்சு இல்லை. தாளின் படத்தில் குறிகள் அப்படியே நின்றன. பாகப் பட்டியலில் மட்டும் ‘CR – அலமாரியின் உட்புறம், வலது’ என்று தமிழில் சேர்த்தேன். பலகைகளில் ஒட்டி வரும் A, B, C-க்கும் இதே விதிதான். பொருளின் மேல் இருக்கும் குறியை மாற்றவே கூடாது.

அதற்குள்ளேயே இன்னொரு பொறி இருந்தது. பின்பலகை அடிக்கும் கட்டத்தில் அலமாரி குப்புறக் கிடக்கிறது. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடப்பலகை வலப்புறம் தெரியும். எனவே பட்டியலின் தலையில் ‘இடது, வலது: அலமாரியின் முன்பக்கம் நின்று பார்க்கும்போது’ என்று ஒரு வரி கேட்டேன். மூலத்தில் இல்லாத வரி என்று தயங்கினார்கள். படத்தைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

இடநெருக்கடி பெரிய தொல்லை. பலகைகளை இறுக்கும் வட்டப் பூட்டை, தச்சர்கள் மினிஃபிக்ஸ் என்பதை, உருப்பெருக்கி ஒரு வட்டத்துக்குள் வரைந்திருந்தார்கள். அதன் தலையிலுள்ள அம்புக்குறி, பலகை விளிம்பில் ஆணி நுழையும் துளையை நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணியின் தலை பூட்டுக்குள் நுழையாது. அழுத்தினால் பலகை பிளக்கும். இத்தனையையும் சொல்ல விரலகலப் பெட்டி ஒன்றுதான். ‘அம்பு துளையை நோக்கி’ என்று மூன்று சொல்லில் அடக்கினேன். படம் சொல்வதைச் சொல் திரும்பச் சொல்லத் தேவையில்லை; படத்தில் கண்ணுக்குத் தப்புவதைச் சொன்னால் போதும்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது, அச்சுக்கு முந்தைய பிடிஎஃப் வந்தது. எல்லாக் கொம்புகளும் இடம் மாறியிருந்தன. ‘மேல்’ என்ற சொல்லில் ம-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நின்றது. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. இன்டிசைனில் பத்தி அமைப்பை `World-Ready Paragraph Composer` என்று மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது. அப்போதும் குறுகிய பெட்டிகளில் ‘கீ’, ‘டி’ போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்பட்டிருந்தது. எழுத்தின் அளவைக் குறைக்காமல் பெட்டியின் உயரத்தைக் கூட்டும்படி கேளுங்கள். அச்சுக்கு முன் இறுதிப் பிடிஎஃப்பை உங்களுக்கு அனுப்புவார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.