கோட்பாட்டுச் சட்டகமும் கருத்துச் சட்டகமும்: ஆன்லைன் கற்றல், ஊக்கம் பற்றிய ஆய்வுக்குப் படம் வரைவது எப்படி?

இடப்பக்கம் 'ஆன்லைன் கற்றல்' என்று ஒரு பெட்டி, வலப்பக்கம் 'கற்றல் ஊக்கம்' என்று ஒரு பெட்டி, நடுவே ஓர் அம்பு. கல்வியியலில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் என்னிடம் காட்டும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆய்வுக் குழு இந்தப் படத்தை ஏற்காது. உங்கள் ஆய்வில் பங்கேற்கும் மாணவர்கள் அத்தனை பேரும் ஆன்லைனில்தான் படிக்கிறார்கள் என்றால், முதல் பெட்டியின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றே. ஆளுக்கு ஆள் மாறாத ஒன்றைக் கொண்டு, ஆளுக்கு ஆள் மாறும் ஊக்கத்தை விளக்க முடியாது. வகுப்பறையில் படிப்பவர்களையும் சேர்த்து ஒப்பிட்டால் மட்டுமே அந்தப் பெட்டிக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் 'ஆன்லைன் கற்றல்' என்பது ஆய்வு நடக்கும் களம். மாறி அல்ல.

இந்தச் சிக்கல் வருவதற்குக் காரணம், தியரிட்டிக்கல் ஃபிரேம்வொர்க், கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க் இரண்டையும் ஒரே பொருளில் எடுத்துக்கொண்டு, தலைப்பில் உள்ள சொற்களையே பெட்டிக்குள் போடுவதுதான். கோட்பாட்டுச் சட்டகம் என்பது ஏற்கெனவே ஒருவர் முன்வைத்து, பலர் பல இடங்களில் சோதித்த விளக்கம். அதில் உங்கள் கல்லூரியோ உங்கள் மாணவர்களோ இருக்க மாட்டார்கள். கருத்துச் சட்டகம் நீங்கள் கட்டுவது. அந்த விளக்கத்திலிருந்து எதை எடுத்தீர்கள், உங்கள் களத்தில் அது எந்த உருவில் இருக்கிறது, எதை அளக்கப் போகிறீர்கள், எது எதைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்வது. இதைச் சோதிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். உங்கள் படத்தை அப்படியே எடுத்து மருத்துவமனை ஊழியர்கள் பற்றிய ஆய்வில் ஒட்ட முடிந்தால், நீங்கள் வரைந்திருப்பது இன்னும் கோட்பாடுதான். உங்கள் ஆய்வின் படம் இனிமேல்தான் வர வேண்டும்.

ஊக்கம் பற்றிய ஆய்வுக்குப் பலரும் எடுப்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்த செல்ஃப் டிடர்மினேஷன் தியரி. 1985இல் இவர்களுடைய நூல் வந்தது. 2000இல் வந்த ஆய்வுக்கட்டுரைதான் இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. அது சொல்வது இதுதான்: மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு. என் செயல் என் விருப்பப்படி நடக்கிறது என்ற தன்னாட்சி உணர்வு ஒன்று. என்னால் முடியும் என்ற திறன் உணர்வு இரண்டாவது. எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற பிணைப்புணர்வு மூன்றாவது. சூழல் இவற்றை நிறைவேற்றினால் ஊக்கம் உள்ளிருந்து வரும். நசுக்கினால் ஒன்று பயத்திலும் கட்டாயத்திலும் இயங்குவோம், அல்லது ஊக்கமே அற்றுப்போவோம்.

உள் ஊக்கம், புற ஊக்கம் என்று இரண்டாக மட்டும் பிரித்து எழுதினால் இந்தக் கோட்பாட்டின் பாதி போய்விடும். பாடம் பிடிக்காவிட்டாலும் 'எனக்கு வேலைக்குத் தேவை, அதனால் படிக்கிறேன்' என்று மனமொப்பிப் படிப்பவரும், 'எச்.ஓ.டி. திட்டுவார்' என்று படிப்பவரும் புற ஊக்கக்காரர்கள்தான். ஆனால் முதலாமவர் தன்விருப்பத்தோடு இயங்குகிறார், இரண்டாமவர் கட்டுப்பாட்டில் இயங்குகிறார். கோட்பாடு முக்கியமாகக் கருதும் பிரிவு இந்தத் தன்விருப்பம், கட்டுப்பாடு என்பதுதான். கருத்துச் சட்டகத்தில் 'ஊக்கம்' என்று ஒரே பெட்டி போட்டு மொத்த மதிப்பெண் கூட்டினால் இந்த இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

இனி ஒரு ஆய்வை எடுத்துப் படத்தைக் கட்டுவோம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் எடுக்கும் 12 வாரப் படிப்பு நம் களம். பதிவு இலவசம். வாரந்தோறும் அசைன்மென்ட் உண்டு. அவற்றில் சிறந்த 8க்கு 25 மதிப்பெண். நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். கல்லூரியில் லோக்கல் சாப்டர் இருந்தால், மாணவர்களுக்கு உதவ மென்டர் என்று ஓர் ஆசிரியர் இருப்பார்.

முதல் கேள்வி: இந்தக் களத்தில் மாணவருக்கு மாணவர் மாறுவது எது? எல்லோரும் பார்ப்பது அதே வீடியோ, எழுதுவது அதே அசைன்மென்ட். மாறுவதாக எனக்குத் தெரிவது இரண்டு. சிலர் படிப்பைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள், சிலருக்குத் துறையே ஒதுக்கிவிடுகிறது. சில மென்டர்கள் வாராவாரம் மாணவர்களோடு உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கிறார்கள், சிலருடைய பெயர் பட்டியலில் மட்டும் இருக்கும். ஆகவே இடப்பக்கப் பெட்டிகள் 'படிப்பைத் தேர்ந்தெடுத்த விதம்', 'மென்டர் ஆதரவு' என்ற இரண்டும். 'ஆன்லைன் கற்றல்' என்ற பழைய பெட்டி படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டமாக மாறி, களத்தைக் குறிக்கட்டும்.

இரண்டாவது கேள்வியை என் ஆய்வுக் குழுவில் இருந்த பேராசிரியர் ஒவ்வொரு அம்பின் மேலும் விரல் வைத்துக் கேட்பார்: "இது எங்கிருந்து வந்ததும்மா?" மூன்று பதில்கள்தான் செல்லும். கோட்பாடு சொல்கிறது, முந்தைய ஆய்வு கண்டிருக்கிறது, அல்லது களத்தை அறிந்த நான் இன்ன காரணத்தால் எதிர்பார்க்கிறேன். பதில் இல்லாத அம்பு அழிக்கப்படும். இந்த வடிகட்டலுக்குப் பிறகு நம் படம் இப்படி நிற்கும்:

படிப்பைத் தேர்ந்தெடுத்த விதம் → தன்னாட்சி உணர்வு
மென்டர் ஆதரவு → தன்னாட்சி உணர்வு, திறன் உணர்வு, பிணைப்புணர்வு
மூன்று உணர்வுகளும் → தன்விருப்ப ஊக்கம்
தன்விருப்ப ஊக்கம் → இறுதித் தேர்வு எழுதுதல்

மென்டரிடமிருந்து தன்னாட்சிக்கும் ஓர் அம்பு போவதைக் கவனியுங்கள். துறை ஒதுக்கிய படிப்பாக இருந்தாலும், 'இது உங்களுக்கு ஏன் பயன்படும்' என்று காரணம் சொல்லி, மாணவரின் சலிப்பையும் ஒப்புக்கொண்டு பேசும் ஆசிரியரிடம் படிப்பவர் அதைத் தன் விருப்பமாகவே ஏற்கலாம் என்பது கோட்பாட்டின் கூற்று. வெளியே கிடைத்த சுதந்திரமும் உள்ளே உணர்ந்த தன்னாட்சியும் வேறு வேறு என்பதால்தான் அவற்றுக்கு இரண்டு பெட்டிகள்.

கடைசிப் பெட்டி பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எத்தனை அசைன்மென்ட் அனுப்பினார் என்பது எளிதில் கிடைக்கும் எண். ஆனால் விடைகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் இடத்தில் அந்த எண் எதைக் காட்டும்? பணம் கட்டிப் பதிவு செய்து, தேர்வு மையம் வரை போய் எழுதினாரா என்பது இதைவிட நம்பத்தக்கது. இதிலும் ஒரு குறை உண்டு. கிரெடிட் வேண்டும் என்று கல்லூரி கட்டாயப்படுத்தினால் ஊக்கமே இல்லாதவரும் போய் எழுதுவார். அதனால் கட்டுப்பாட்டு ஊக்கத்தையும் தனியாக அளந்து, அதிலிருந்தும் தேர்வுப் பெட்டிக்கு ஓர் அம்பு போட வேண்டும். முந்தைய செமஸ்டர் சி.ஜி.பி.ஏ.வைக் கன்ட்ரோல் வேரியபிளாகக் கீழே வைத்து, அதிலிருந்தும் ஓர் அம்பு. வீட்டில் இணைய வசதி எப்படி என்பதை மாடரேட்டராக வைக்க விரும்பினால், அதன் அம்பு எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது. ஊக்கத்துக்கும் தேர்வுக்கும் நடுவே ஓடும் அம்பின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். 'ஊக்கம் இருந்தும் நெட் இல்லாதவரிடம் அது செயலாக மாறுவது குறைகிறது' என்பதே அந்தக் கோட்டின் பொருள். பாலினம், வயது, ஊர் என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எல்லாப் பக்கமும் அம்பு விடுவதை மட்டும் தவிருங்கள். அவற்றுக்கு மேலே சொன்ன கேள்விக்கான பதில் இருக்காது.

படம் சரியா என்பது கருவி தேடும்போது தெரிந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதை அளக்கும் கருவி ஒன்று வேண்டும். இங்கே அதிகம் பயன்படுத்தப்படும் அகாடமிக் மோட்டிவேஷன் ஸ்கேலை வல்லரான்ட் குழுவினர் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 28 கூற்றுகள், ஏழு உட்பிரிவுகள். நல்ல கருவிதான். ஆனால் அது கேட்பது 'நீங்கள் ஏன் கல்லூரிக்குப் போகிறீர்கள்' என்று. நம் பெட்டியில் இருப்பதோ இந்த ஒரு ஆன்லைன் படிப்பின் மீதான ஊக்கம். கல்லூரியை நேசிக்கும் மாணவர் இந்தப் படிப்பை வெறுக்கலாம். ஒரு குறிப்பிட்ட படிப்பை வைத்துக் கேட்கும், தன்விருப்பத்தையும் கட்டுப்பாட்டையும் தனித்தனியே தரும் லேர்னிங் செல்ஃப் ரெகுலேஷன் கொஸ்டினேர் இங்கே பொருந்தும். மென்டர் ஆதரவுக்கு லேர்னிங் கிளைமேட் கொஸ்டினேர் இருக்கிறது. 15 கூற்றுகள் கொண்டது, 6 கூற்றுகளில் குறுவடிவமும் உண்டு. இவை இரண்டும் நாம் எடுத்த அதே கோட்பாட்டின் மரபில் வந்தவை என்பது கூடுதல் வசதி. தமிழில் மொழிபெயர்த்தால் முன்னோட்ட ஆய்வில் நம்பகத்தன்மையை மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு, மூன்று கோட்பாடுகளைச் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருந்தால் சேர்க்கலாம். கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் 2000இல் முன்வைத்த கம்யூனிட்டி ஆஃப் இன்கொயரி, ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் இருப்பு, சமூக இருப்பு, அறிவாக்க இருப்பு என்று மூன்றைச் சொல்கிறது. மென்டரின் வேலையைப் பிரித்து விவரிக்க அது உதவும். ஆனால் ஊக்கம் ஏன் எழுகிறது என்பதை விளக்க வந்த கோட்பாடு அல்ல அது. ஆகவே இடப்பக்கப் பெட்டியோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். இலக்கிய மீளாய்வு தடிமனாகத் தெரிய வேண்டும் என்று சேர்த்த கோட்பாடு படத்தில் எந்த அம்பையும் தாங்காது. வைவாவில் அது உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று காலம். இடமிருந்து வலமாக வரைந்த அம்பு, முதலில் இது, பிறகு அது என்று சொல்கிறது. ஒரே நாளில் ஒரே கூகுள் ஃபார்மில் எல்லாவற்றையும் கேட்டால் அந்த வரிசைக்கு ஆதாரம் இல்லை. அசைன்மென்டில் நல்ல மதிப்பெண் வந்ததால் திறன் உணர்வு கூடியிருக்கலாம், ஊக்கம் உள்ள மாணவரே மென்டரை நல்லவராகப் பார்த்திருக்கலாம். முடிந்தால் மென்டர் ஆதரவையும் மூன்று உணர்வுகளையும் நான்காம் வாரத்திலும், ஊக்கத்தை எட்டாம் வாரத்திலும், தேர்வு விவரத்தை இறுதியிலும் எடுங்கள். அப்போதும் காரணம், விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரிசையாவது உங்கள் பக்கம் இருக்கும். ஒரே முறைதான் தரவு திரட்ட முடியும் என்றால் 'தொடர்பு' என்று எழுதுங்கள், 'தாக்கம்' என்று எழுதாதீர்கள். தலைப்பிலும் அப்படியே.

ஆய்வேட்டில் கோட்பாட்டுச் சட்டகம் இரண்டாம் அத்தியாயத்தில் உரைநடையாக வரும். அதன் முடிவில், கருதுகோள்களுக்குச் சற்று முன்னால், இந்தப் படம். ஒவ்வொரு அம்பின் மேலும் கருதுகோள் எண்ணைப் போட்டு, படத்துக்குக் கீழே அம்புக்கு ஒரு பத்தி எழுதுங்கள். தரவு வந்த பிறகு சில அம்புகள் புள்ளியியலில் நிற்காமல் போகும். உதாரணமாக, பிணைப்புணர்விலிருந்து ஊக்கத்துக்குப் போகும் அம்பு விழலாம். அப்போது இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அதை அழிக்காதீர்கள். எதிர்பார்ப்பு எதுவோ அது அங்கே அப்படியே இருக்கட்டும். முடிவுகள் அத்தியாயத்தில் இன்னொரு படம் வரைந்து, நின்ற அம்புகளை முழுக்கோடாகவும் விழுந்தவற்றைப் புள்ளிக்கோடாகவும் காட்டி, விழுந்ததற்கான காரணத்தை விவாதத்தில் எழுதுங்கள்.