உலர் திராட்சையும் மைத்துளியும்: செய்து பார்த்த அனுபவம்

விரவலுக்கு மைத்துளியும் சவ்வூடு பரவலுக்கு உலர் திராட்சையும் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள். இரண்டையும் செய்து பார்த்து அளந்தும் வைத்தேன். இரண்டுமே பாடத்தில் படிக்கிற அளவுக்குச் சுத்தமாக இல்லை.

முதலில் மை. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது இழை இழையாகக் கீழே இறங்குகிறது, சுழல்கிறது, சற்று நேரத்தில் தண்ணீர் முழுக்க நிறம் ஏறிவிடுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் இதில் பெரும்பகுதி விரவல் இல்லை. மை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பதால் இறங்குகிறது; டம்ளருக்குள் எப்போதும் இருக்கும் சின்னச் சின்ன நீரோட்டங்கள் அதை இழுத்துக்கொண்டு போகின்றன. மூலக்கூறுகள் தாமாக அலைந்து, செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவதுதான் விரவல். அது மிக மெதுவானது.

நீரோட்டத்தை நிறுத்திவிட்டால் இது தெரியும். 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம் அகர் தூளைக் கொதிக்க வைத்து, ஒடுக்கமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி உறைய விட்டேன். மேலே கொஞ்சம் பேனா மை. மை மூலக்கூறுகள் அகருக்குள் நகர முடியும், ஆனால் தண்ணீர் ஓட முடியாது. ஒரு நாளில் நிறம் ஏறக்குறைய 1 செ.மீ. இறங்கியது. 2 செ.மீ.க்கு இரண்டு நாள் போதாது, நான்கு நாள் ஆனது. தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும், விரவலின் கணக்கு அப்படி. இதே வேகத்தில் 10 செ.மீ. உயர டம்ளர் முழுக்க நிறம் பரவ மூன்று மாதம் ஆகும்! ஒன்று சொல்லிவிடுகிறேன்: கரித்தூள் கலந்த வரைபட மை இதற்கு ஆகாது. அதன் துகள்கள் பெரியவை, மேலேயே தங்கிவிடும்.

அடுத்து திராட்சை. நன்றாகக் காய்ந்த திராட்சையில் சர்க்கரை அடர்ந்திருக்கும், தண்ணீர் மிகக் குறைவு. தோலும் உள்ளே இருக்கும் செல் சவ்வுகளும் தண்ணீரை எளிதாக விடும், சர்க்கரையை அவ்வளவு எளிதாக விடாது. அதனால் வெளியிலிருக்கும் தண்ணீர் சவ்வு வழியாகச் சர்க்கரை அடர்ந்த உள்பக்கத்துக்குப் போகிறது, திராட்சை உப்புகிறது; இதுதான் சவ்வூடு பரவல். அப்படியானால் சர்க்கரை கொஞ்சம்கூட வெளியே வரக்கூடாது இல்லையா? ஊறிய தண்ணீரை ருசித்துப் பாருங்கள், இனிக்கும்.

எவ்வளவு கசிந்தது என்று அறிய, 10 கிராம் திராட்சையை 100 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் துடைத்து எடை போட்டால் 18 கிராம். மீதித் தண்ணீரை அகலத் தட்டில் வற்றவிட்டதும் பிசுபிசுப்பாக 2 கிராம் அளவுக்கு மிஞ்சியது (முழுக்கக் காயாது என்பதால் உண்மையில் சற்றுக் குறைவாக இருக்கும்). எடை கூடியது 8 கிராம், வெளியேறியது 2. ஆக உள்ளே போன தண்ணீர் சுமார் 10 கிராம். தண்ணீர் 10 உள்ளே, சர்க்கரை 2 வெளியே. தடுப்பு இருக்கிறது, ஆனால் ஓட்டைத் தடுப்பு. காய்ந்தபோது செல்கள் செத்து, சவ்வுகள் ஆங்காங்கே சிதைந்துபோனதுதான் காரணம். காம்பு இருந்த இடமும் ஒரு வாசல்.

அதே எடைத் திராட்சையைப் பாதியாக நறுக்கி ஊறவைத்தபோது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. எடை குறைவாகத்தான் கூடியது, தட்டில் மிஞ்சியதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. தோல் வழிவிட்டதும் சர்க்கரை மையைப் போல நடந்துகொள்கிறது. அந்தக் கசிவு விரவல்.

அப்புறம், உப்பிய முழுத் திராட்சைகளை 60 கிராம் சர்க்கரையை 40 கிராம் தண்ணீரில் கரைத்த பாகில் போட்டேன். சில மணி நேரத்தில் மறுபடி சுருங்க ஆரம்பித்தன. இப்போது பாகின் செறிவு திராட்சைக்குள் இருப்பதைவிட அதிகம், எனவே தண்ணீர் திசை மாறி வெளியே வருகிறது. சவ்வூடு பரவலை இதைவிடத் தெளிவாகத் திராட்சை காட்டாது என்று நினைக்கிறேன்.

சவ்வு உயிரோடு இருந்தால் எப்படி என்று பார்க்க அடுத்து உருளைக்கிழங்கு. ஒரே அளவில் வெட்டிய துண்டுகளில் சில பச்சை, சில வேகவைத்தவை. இரண்டையும் தண்ணீரிலும் உப்புநீரிலும் போட வேண்டும். பச்சைத் துண்டு தண்ணீரில் விறைக்கும், உப்புநீரில் துவளும். வெந்த துண்டின் சவ்வுகள் சூட்டிலேயே சிதைந்திருக்கும், அதனால் தண்ணீரில் கிடந்தாலும் அது விறைக்காது. தராசும் கத்தியும் எடுத்து வைத்தாயிற்று.